ஏபிஐ இல்லாத வென்டார் போர்ட்டலிலிருந்து அறிக்கைகளைத் தானாக இறக்குதல்: வழியும் ஆபத்துகளும்

கேள்வி: நாங்கள் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு மசாலாப் பொருட்கள் சப்ளை செய்கிறோம். எங்கள் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்ற அறிக்கை அவர்களுடைய வென்டார் போர்ட்டலில் மட்டுமே கிடைக்கிறது. மென்பொருள் நேரடியாகத் தரவை எடுக்கும் வழியான ஏபிஐ கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் ஒருவர் லாகின் செய்து எக்செல் கோப்பை இறக்கி, எங்கள் கணக்கில் ஏற்றுகிறார். இந்த வேலையைப் பிரவுசர் ஆட்டோமேஷனிடம் விட்டுவிடலாமா? அதில் என்ன ஆபத்து?

பதில்:

விடலாம். ஆனால் அதற்கு முன்பாக அந்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். பின்பாக, இறங்கும் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்த பிறகே கணக்கில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்கிரிப்ட் எழுதும் வேலை, பைத்தான் தெரிந்த ஒருவருக்கு ஓரிரு நாள் வேலைதான். பலரும் அந்த நடுப்பகுதியில் மட்டும் கவனம் செலுத்துகிறார்கள். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோனால் பெரிய நஷ்டம் இல்லை. ஒருவர் கையால் இறக்கிக்கொள்வார். ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடி, தவறான கோப்பை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் அனுமதி. ஏபிஐ இல்லை என்று சொன்னவர்களிடம், அறிக்கையைத் தினமும் மின்னஞ்சலில் அனுப்பும் வசதியோ, கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறும் ஒரு எஸ்எஃப்டிபி கோப்புறையில் போட்டுவைக்கும் வசதியோ உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஏபிஐ இல்லாத பல போர்ட்டல்களில் அறிக்கைப் பக்கத்திலேயே ‘ஷெட்யூல்’ என்ற ஒரு மூலை இருப்பதுண்டு. வாங்கும் பிரிவில் உள்ளவர்களுக்கு அது தெரியாமலும் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் இந்த ஆட்டோமேஷனே தேவையில்லை. கிடைக்காவிட்டால், எந்த யூசர் ஐடியில், எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை முறை உள்ளே வருவோம், எந்த அறிக்கையை மட்டும் எத்தனை முறை எடுப்போம் என்று எழுதி, போர்ட்டலை நிர்வகிக்கும் ஐடி பிரிவின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள்.

இது வெறும் மரியாதைக்காகச் செய்யும் காரியம் அல்ல. போர்ட்டலின் பயன்பாட்டு விதிகளில் தானியங்கிக் கருவிகளைத் தடைசெய்யும் வரி இருப்பது மிகச் சாதாரணம். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதையும் அதிலிருந்து தரவை இறக்குவதையும் இழப்பீடு கோரக்கூடிய செயலாகக் கூறுகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட லாகினில் உங்களுடைய விற்பனையைப் பார்ப்பது மோசடி ஆகாது. ஆயினும் ‘மனிதர் பார்க்க’ என்று கொடுத்த அனுமதி, ‘இயந்திரம் எடுக்க’ என்பதற்கும் செல்லுமா என்ற கேள்வியை வழக்கறிஞர்கள் கையில் விடாமல், முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

நீதிமன்றத்தை விட நெருக்கமான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. விடியற்காலையில் பழக்கமில்லாத ஒரு சர்வரிலிருந்து, அதுவும் வெளிநாட்டு ஐபியிலிருந்து, ஒரு யூசர் ஐடி தினமும் உள்ளே வருவதைப் பார்க்கும் பாதுகாப்புப் பிரிவு, அந்த ஐடியை மட்டுமின்றி உங்கள் வென்டார் கோடையே முடக்கக்கூடும். அப்போது விற்பனை அறிக்கை மட்டுமல்ல, பர்ச்சேஸ் ஆர்டரை ஏற்பது, இன்வாய்ஸ் ஏற்றுவது, பேமென்ட் விவரம் பார்ப்பது எல்லாமே நின்றுபோகும். அறிக்கை இறக்கும் அரைமணி நேர வேலையை மிச்சம்பிடிக்கப் போய், சரக்கு அனுப்பவே முடியாத நிலைக்கு வருவது யாருக்கும் வேண்டாம்.

இதே காரணத்துக்காக ஸ்கிரிப்டுக்கென்று தனி யூசர் ஐடி கேட்டு வாங்குங்கள். அதற்கு அறிக்கை பார்க்கும் உரிமை மட்டும் இருக்க வேண்டும். உங்கள் கணக்காளரின் ஐடியையே பயன்படுத்தினால், பக்கத்தின் அமைப்பு மாறிய ஒரு நாளில், இறக்கும் பொத்தான் இருந்த இடத்தில் ஆர்டரை ஏற்கும் பொத்தான் வந்து, ஸ்கிரிப்ட் அதை அழுத்திவிட வாய்ப்பு உண்டு. உரிமையே இல்லாத ஐடியால் அந்தத் தவறைச் செய்ய முடியாது. தவிர, பல போர்ட்டல்கள் ஒரு ஐடிக்கு ஒரே ஒரு செஷனைத்தான் அனுமதிக்கும். ஸ்கிரிப்ட் உள்ளே வந்ததும் கணக்காளர் வெளியே தள்ளப்படுவார், அவர் மீண்டும் வந்ததும் ஸ்கிரிப்ட் பாதியில் அறுபடும்.

லாகினைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியைக் கடுமையாகப் பின்பற்றுங்கள்: லாகின் தோற்றால் மறுமுயற்சி கூடாது. பக்கம் மெதுவாக வருவதற்கும் பதிவிறக்கம் தாமதமாவதற்கும் மறுமுயற்சி சரியானது. ஆனால் கடவுச்சொல் காலாவதியான நாளில், தோற்றால் மீண்டும் முயல் என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் அதே பழைய கடவுச்சொல்லை அடுத்தடுத்து அடித்து, ஐடியைப் பூட்டவைத்துவிடும். கடவுச்சொல் மாற்ற வேண்டிய தேதி போர்ட்டலில் தெரியுமானால், அதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வரும்படி செய்துவையுங்கள்.

ஓடிபி கேட்கும் போர்ட்டல் என்றால் நிலைமை வேறு. கைபேசிக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை ஏதாவது ஒரு செயலி மூலம் சர்வருக்குத் திருப்பிவிடும் வழியைச் சிலர் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் ஒரே சர்வரில் வந்து சேர்ந்தால், இரண்டாவது பூட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அந்தப் பூட்டைப் போட்டவர்கள் உங்களிடம் எதிர்பார்த்ததும் அது அல்ல. தானியங்கி ஐடிக்கு, குறிப்பிட்ட ஐபியிலிருந்து வந்தால் ஓடிபி வேண்டாம் என்ற விலக்கை அவர்களே தர முடியும், அதைக் கேளுங்கள். தராவிட்டால், ஒருவர் காலையில் ஓடிபி போட்டு உள்ளே சென்று, மீதி வேலையை ஸ்கிரிப்ட் செய்யும் பாதி வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேப்சா போட்டிருக்கும் பக்கத்தில் அந்தப் பாதி வழியும் வேண்டாம். மனிதர் மட்டும் வரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை உடைக்கும் சேவைகளை விலைக்கு வாங்குவது, நீங்கள் பெற்ற அனுமதியையும் சேர்த்து உடைப்பதாகும்.

இனி ஸ்கிரிப்ட். பிளேரைட் என்ற இலவசக் கருவி இதற்குப் போதுமானது. பக்கத்தின் உட்கட்டமைப்பை நம்பி, மூன்றாவது கட்டத்துக்குள் இரண்டாவது பொத்தான் என்று குறிப்பதை விட, திரையில் மனிதர் படிக்கும் பெயரைக் கொண்டு பொத்தானைப் பிடிப்பது நீடித்து நிற்கும். குறிப்பிட்ட வினாடிகள் தூங்கிவிட்டுத் தொடர்வதும் கூடாது. எந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறோமோ அதற்கே காத்திருக்க வேண்டும்.

```python
ctx = browser.new_context(
    storage_state="state.json",
    timezone_id="Asia/Kolkata",
    locale="en-IN",
)
page = ctx.new_page()
page.goto(REPORT_URL)
# தேதியைத் தேர்ந்து, அறிக்கையை வரவழைக்கும் வரிகள் இங்கே
with page.expect_download(timeout=120_000) as d:
    page.get_by_role("button", name="Export").click()
d.value.save_as(incoming_path)
```

இதில் `save_as` வரியை விட்டுவிட்டால், உலாவியின் அந்தச் சூழல் மூடப்படும்போது இறக்கிய கோப்பும் அழிந்துவிடும். `state.json` என்பது முந்தைய லாகினின் குக்கீகளைத் தாங்கிய கோப்பு. தினமும் புதிதாக லாகின் செய்யாமல் இருக்க அது உதவும். ஆனால் அது யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடலாம். எனவே அதைக் கடவுச்சொல்லுக்கு நிகராகவே காப்பாற்ற வேண்டும்: கிட் களஞ்சியத்தில் ஏற்றக்கூடாது, ஸ்கிரிப்ட் ஓடும் கணக்கைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

அடுத்து `timezone_id`, `locale` என்ற இரண்டு வரிகள். இவை அலங்காரமாகத் தோன்றினாலும் தேதியைக் காப்பவை இவைதான். வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும். நீங்கள் காலை 5 மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டினால், யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 11.30. அறிக்கைப் பக்கத்தில் ‘நேற்று’ என்பதைத் தேர்ந்தால், அந்தத் தேதியை உலாவியே கணக்கிடும் போர்ட்டல்களில், உங்களுக்கு நேற்றைய விற்பனைக்குப் பதிலாக முந்தாநாள் விற்பனை வரும். கையால் சோதிக்கும்போது உங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. அதுபோலவே, அமெரிக்க வழக்கப்படி இயங்கும் உலாவியில் 03/04 என்பது மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. ஆகவே ‘நேற்று’ போன்ற குறுக்குத் தேர்வுகளைத் தொடாமல், தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் நீங்களே நிரப்பி, நிரப்பியபின் பெட்டியில் என்ன நிற்கிறது என்று ஸ்கிரிப்டே திரும்பப் படித்துப் பார்க்கும்படி எழுதுங்கள்.

ஓடும் நேரத்தை, போர்ட்டலில் முந்தைய நாள் கணக்கு முடிந்து அறிக்கை நிறைவடையும் நேரத்துக்குப் பின்னே வையுங்கள். அது எத்தனை மணி என்பதை அவர்களிடமே கேளுங்கள். காலை 6.40 என்று முடிவானால், யுடிசி சர்வரில், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் வரி இப்படி இருக்கும்:

```
10 1 * * * flock -n /tmp/sales.lock /srv/reports/run.sh
```

முந்தைய ஓட்டம் முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தால், `flock` அடுத்ததைத் தொடங்க விடாது. அலுவலகக் கணினியில் ஓட்டுவதாக இருந்தால், அது இரவில் அணைக்கப்படுமா, தூக்க நிலைக்குப் போகுமா, மின்தடையில் என்ன ஆகும் என்பவற்றை முதலில் பாருங்கள்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தவறான கோப்பு எப்படி வருகிறது? பல போர்ட்டல்களில் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியவுடன் கோப்பு இறங்காது. கோரிக்கை ஒரு வரிசையில் சேர்ந்து, சில நிமிடங்களில் ‘டவுன்லோட்ஸ்’ பக்கத்தில் ஒரு வரியாக வந்து நிற்கும். அந்தப் பட்டியலின் முதல் வரியை எடு என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், போர்ட்டல் வேகமாக இருக்கும் நாட்களில் சரியாகவே வேலை செய்யும். மாத முதல் தேதியில் எல்லா வென்டார்களும் அறிக்கை கேட்டு வரிசை நீளும்போது, புதிய வரி இன்னும் வந்திராது. முதல் வரியாக நேற்று இறக்கிய கோப்பே நிற்கும். ஸ்கிரிப்ட் அதையே மீண்டும் எடுத்துவந்து வெற்றி என்று பதிவு செய்யும். கோரிக்கை வைத்தவுடன் திரையில் காட்டப்படும் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் உள்ள வரி தயாராகும்வரை காத்திருப்பதே இதற்குச் சரியான வழி. எண் காட்டாத போர்ட்டலில், கோரிக்கை வைத்த நேரத்துக்குப் பிந்திய நேரம் உள்ள வரியை மட்டும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது வகை, செஷன் அறுந்துபோவது. கோப்புக்குப் பதிலாக ‘மீண்டும் லாகின் செய்யவும்’ என்ற பக்கம் வந்து, அதுவே `.xlsx` என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிடும். உண்மையான `.xlsx` கோப்பு உள்ளே ஒரு ஜிப் கோப்பு என்பதால் அதன் முதல் இரண்டு எழுத்துகள் `PK` ஆக இருக்கும். இதைப் பார்த்தாலே போதும். `.xls` என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வெறும் எச்டிஎம்எல் அட்டவணையாக இருக்கும் கோப்புகளைத் தரும் பழைய போர்ட்டல்களும் உண்டு. திறக்கும்போது எக்செல் எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். உங்களுடையது அந்த வகை என்றால், சரியான தலைப்புவரி உள்ள அட்டவணை உள்ளே இருக்கிறதா என்பதைச் சோதியுங்கள்.

மூன்றாவதுதான் மிகக் கெட்டது. அதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு பார்ப்போம். 38 கடைகள், உங்கள் பொருட்கள் 24. ஒரு கடையில் ஒரு பொருள் விற்றால் ஒரு வரி என்றால், ஒரு நாளுக்கு அதிகபட்சம் 912 வரிகள். எல்லாக் கடையிலும் எல்லாமும் விற்பதில்லை என்பதால் வழக்கமாக 640 முதல் 700 வரிகள் வரும். ஒரு நாள் போர்ட்டலில் மாற்றம் செய்கிறார்கள்; எக்ஸ்போர்ட் பொத்தான் முழு அறிக்கைக்குப் பதில் திரையில் தெரியும் பக்கத்தை மட்டும் எடுக்கத் தொடங்குகிறது. பொத்தானின் பெயர் மாறவில்லை, கோப்பு இறங்குகிறது, தேதி சரி, தலைப்புகள் சரி, எக்செலில் அழகாகத் திறக்கிறது. ஆனால் வரிகள் 671-க்குப் பதில் 500. கடைப் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருப்பதால், விடுபட்ட 171 வரிகளும் பட்டியலின் கடைசியில் வரும் தாம்பரம், திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் போன்ற கடைகளுடையவை. உங்கள் விற்பனை மேலாளர் பார்வையில் அந்த ஊர்களில் விற்பனை திடீரென்று நின்றுபோயிருக்கிறது. அதை நம்பி அங்கே அடுத்த அனுப்புதலைக் குறைத்தால், இரண்டு வாரத்தில் அலமாரி உண்மையிலேயே காலியாகும். காலியான அலமாரியால் விற்பனை குறைந்து, பொய்யாக வந்த எண் மெய்யாகிவிடும்.

இதைப் பிடிக்க மூன்று சோதனைகள் போதும். முதலாவது, திரையில் அறிக்கையின் அடியில் காட்டப்படும் மொத்தத்தை ஸ்கிரிப்ட் படித்து, கோப்பில் உள்ள தொகைகளைக் கூட்டி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. திரையில் ரூ. 2,84,310 என்றும் கோப்பில் ரூ. 2,09,860 என்றும் இருந்தால் அந்தக் கோப்பு கணக்குக்குள் போகக்கூடாது. இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது. திரையில் மொத்தம் காட்டும் போர்ட்டலில் இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டாவது, கோப்புக்குள் உள்ள தேதிப் பத்தியில் நாம் கேட்ட தேதிகள் மட்டுமே, அவை அனைத்துமே இருக்கின்றனவா என்று பார்ப்பது. நேற்றைய கோப்பு மீண்டும் வருவதை இதுவே தடுக்கும். மூன்றாவது, வரிகளின் எண்ணிக்கையை இதற்கு முந்தைய நான்கு வாரங்களின் அதே கிழமையோடு ஒப்பிடுவது. ஞாயிறும் செவ்வாயும் ஒரே மாதிரி விற்பதில்லை என்பதால் கிழமை முக்கியம். 500, 1000 போன்ற முழு நூறுகளில் வரிகள் சரியாக நின்றால், அது பெரும்பாலும் ஒரு வரம்பில் மோதி நின்றது என்று கொள்ளலாம். அதையும் சந்தேகத்துக்குரியதாகக் குறித்துவிடுங்கள்.

சோதனையில் தோற்ற கோப்பை அழிக்காதீர்கள். இறங்கும் கோப்புக்கு ஒரு கோப்புறை, ஏற்கப்பட்டதற்கு ஒன்று, நிறுத்திவைக்கப்பட்டதற்கு ஒன்று என்று பிரித்து, நிறுத்திவைத்ததை ஒரு மனிதர் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நாளும், புயலால் கடைகள் மூடிய நாளும் மூன்றாவது சோதனையில் நிச்சயம் தோற்கும். அவற்றில் கோப்பு சரியாகவே இருக்கும்.

ஏற்றும் முறையிலும் ஒரு மாற்றம் செய்யச் சொல்வேன். நேற்றைய ஒரு நாளை மட்டும் இறக்காமல், ஒவ்வொரு நாளும் கடந்த ஏழு நாட்களையும் இறக்குங்கள். உங்கள் டேட்டாபேஸில் அந்த ஏழு நாட்களின் பழைய வரிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை ஒரே பரிவர்த்தனையில் போடுங்கள். திரும்பி வந்த சரக்கும், தாமதமாகச் சேரும் கடைகளின் கணக்கும் இதனால் தாமாகத் திருந்தும். ஒரு நாள் ஸ்கிரிப்ட் ஓடாமல் போனாலும் மறுநாள் அந்த இடைவெளி நிரம்பிவிடும். ஒரே நாளில் இரண்டு முறை ஓடினாலும் விற்பனை இரட்டிப்பாகாது. ஆனால் ஏழு நாள் அறிக்கையில் வரிகளும் ஏழு மடங்காகும் என்பதால், போர்ட்டலின் வரி வரம்பை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் நாளுக்கு ஒரு கோப்பாக, நடுவே சில வினாடி இடைவெளி விட்டு இறக்குங்கள். அப்படியானால் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடும் பதிவிறக்க எண்ணிக்கையும் ஏழாக இருக்க வேண்டும்.

எச்சரிக்கை அனுப்பும் வேலையை ஸ்கிரிப்டிடமே விடாதீர்கள், ஏனெனில் சர்வரே படுத்துவிட்ட நாளில் தோல்விச் செய்தி அனுப்பவும் யாரும் இருக்க மாட்டார்கள். காலை 7.30-க்குள் ஏற்கப்பட்ட கோப்பு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை வேறொரு கணினி பார்த்து, வராவிட்டால் சத்தமிட வேண்டும். அந்தச் செய்தி, இப்போது கையால் இறக்குகிறவருக்குப் போகட்டும். அவருடைய லாகினையும், அவர் செய்யும் படிகளை எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் எப்போதும் தயாராக வைத்திருங்கள்; ஆட்டோமேஷன் வந்துவிட்டது என்று அந்த அறிவை இழந்துவிட்டால், போர்ட்டல் மாறும் வாரத்தில் யாருக்கும் வழி தெரியாது.

போர்ட்டல் மாறத்தான் செய்யும். என்ன மாறியது என்று கண்டுபிடிக்கப் பிளேரைட்டின் ட்ரேஸ் பதிவு மிகவும் உதவும். ஒவ்வொரு படியிலும் திரை எப்படி இருந்தது என்பதை அது காட்டும். ஆனால் அதே பதிவில் தட்டச்சு செய்த கடவுச்சொல்லும், திரையில் இருந்த விலை விவரங்களும் சேர்ந்தே இருக்கும் என்பதால், லாகின் முடிந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். தோற்ற ஓட்டங்களின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, சில நாட்களில் அழித்துவிடுங்கள். வெளியாருக்கு மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

முதல் நான்கு வாரங்கள் கையால் இறக்குவதை நிறுத்தாமல், இரண்டு கோப்புகளையும் தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நான்கு வாரத்தில் ஒரு மாதத் தொடக்கம் கட்டாயம் இடம்பெற வேண்டும், ஏனெனில் வரிசை நீளும் நாளில்தான் ஸ்கிரிப்டின் காத்திருப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். அதற்குப் பிறகும் மாதத்துக்குப் பல முறை பக்கம் மாறி, ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அந்தத் திருத்தங்களுக்கு ஆன மணிநேரத்தைக் குறித்துவைத்து, எஸ்எஃப்டிபி வசதி கேட்டு, அந்த நிறுவனத்தின் வாங்கும் பிரிவுக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது வசதி வேண்டும் என்ற கோரிக்கையோடு அதற்கான கணக்கும் உங்கள் கையில் இருக்கும்.